இடது நரம்பைக் கேட்டால் வலது நரம்பை எழுதி 5-க்கு 4 வாங்கலாமா?

மூன்று நாளாக விடைத்தாள் திருத்துகிறேன். முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., அனாட்டமி. காலையில் அல்சூரிலிருந்து கிளம்பி, மாலையில் வீடு திரும்பும்போது கண் எரிகிறது. கண் எரிவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு ஆத்திரம் எல்லாம் ஒரு 5 மதிப்பெண் கேள்வியின் விடைக்குறிப்பு மேல்தான். இந்தப் பெங்களூரில் இதைத் தமிழில் கொட்டித் தீர்க்க எனக்கு வேறு இடமில்லை.

கேள்வி இதுதான்: இடது ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பின் பாதையை எழுதி, அதன் மருத்துவ முக்கியத்துவத்தைக் கூறுக.

நல்ல கேள்வி. கழுத்தில் இரண்டு பக்கமும் இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, ஒரு ரத்தக் குழாயைச் சுற்றி வளைந்து, திரும்ப மேலே ஏறிக் குரல்வளைக்குப் போகிறது. வலது பக்கத்தில் அது கழுத்தின் அடியிலேயே வலது சப்கிளேவியன் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். இடது பக்கத்தில் மார்புக்குள் இறங்கி, அயோர்ட்டா வளைவுக்கு அடியில், லிகமென்டம் ஆர்டீரியோசத்துக்குப் பின்னால் சுற்றித்தான் மேலே ஏறும். ஏறின பிறகு இரண்டு நரம்பும் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் போகின்றன. குரல்வளையின் உள்தசைகளில் கிரைக்கோதைராய்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்குகின்றன. அதாவது மேல் பாதியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் எங்கே சுற்றுகிறது என்பதில்தான். கேள்வியில் 'இடது' என்ற சொல் இருப்பதே அதற்காகத்தான்.

இப்போது எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பைப் பாருங்கள். வேகஸிலிருந்து பிரிகிறது என்றால் 1. அயோர்ட்டா வளைவைச் சுற்றுகிறது என்றால் 1. பள்ளத்தில் ஏறுகிறது என்றால் 1. கிரைக்கோதைராய்டு தவிர மற்ற தசைகள் என்றால் 1. தைராய்டு அறுவையில் காயப்பட்டால் குரல் கரகரக்கும் என்றால் 1. ஐந்து சொல், ஐந்து மதிப்பெண்.

நேற்று ஒரு தாள் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. "இடது ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு கழுத்தின் அடியில் வேகஸிலிருந்து பிரிந்து, சப்கிளேவியன் தமனியைச் சுற்றி, பள்ளத்தில் ஏறி..." என்று கடைசிவரை அழகாகப் போகிறது. அந்தப் பிள்ளை எழுதியிருப்பது முழுக்க வலது நரம்பு. மேலே தலைப்பில் மட்டும் 'இடது' என்று இருக்கிறது. விடைக்குறிப்புப்படி ஒரே ஒரு சொல்தான் தப்பு, அதற்கு 1 போகும், மீதி 4. கேட்காத நரம்பைப் பற்றி எழுதியதற்கு நூற்றுக்கு எண்பது!

நான் 1 போட்டேன். பக்கத்து மேசையில் இருந்த வேலூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், எல்லா வார்த்தையும் இருக்கே, ஒண்ணுதானே மாறியிருக்கு, பாவம் கொடுத்துடுங்க" என்றார். என்னைவிட அனுபவம் உள்ளவர், நல்ல மனிதர். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "சார், ஒரு வார்த்தை மாறலை, ஆளே மாறிட்டான்" என்றேன். அதற்கு அவர், "கீ அப்படித்தானே சொல்லுது" என்றார்.

அந்த ஒரு பதிலில்தான் எனக்கு வயிறு எரிகிறது. இந்தப் பிள்ளைக்கு நாலைந்து வருடத்தில் ஒரு நோயாளி வருவார். இரண்டு மாதமாகக் குரல் கட்டியிருக்கிறது, குழாய் விட்டுப் பார்த்தால் இடது குரல்நாண் அசையவில்லை. கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. அடுத்து எங்கே பார்க்க வேண்டும்? மார்பில். இடது நரம்பு அயோர்ட்டா வரைக்கும் இறங்கிவிட்டு வருவதால், இடது நுரையீரலின் வேர்ப்பகுதியில் ஒரு புற்றுநோயோ, அங்கே வீங்கிய நிணநீர்க் கட்டியோ, அயோர்ட்டாவில் ஒரு புடைப்போ அதை அழுத்தலாம். 1897-இலேயே ஆஸ்திரிய மருத்துவர் நோர்பெர்ட் ஓர்ட்னர், மைட்ரல் வால்வு சுருக்கத்தால் இதய நோய் முற்றியவர்களுக்கு இடது குரல்நாண் செயலிழப்பதை எழுதிவைத்தார். குரல் கட்டியதற்குக் காரணம் இதயத்தில்! இடது நரம்பு சப்கிளேவியனோடு திரும்பிவிடுகிறது என்று நம்புகிறவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். தொண்டை அழற்சி என்று இன்னும் மூன்று மாதம் போகும். அந்தத் தாளில் மீதி நான்கு சொல்லும் சரியாக இருப்பதால் அந்த நோயாளிக்கு என்ன லாபம்?

இன்னொரு தாள் இதைவிட மோசம், ஏனென்றால் அது பார்க்க இன்னும் சரியாகத் தெரிகிறது. இடது, அயோர்ட்டா வளைவு எல்லாம் சரி. ஆனால் "லிகமென்டம் வீனோசத்துக்குப் பின்னால்" என்று எழுதி, "கிரைக்கோஅரிட்டினாய்டைத் தவிர எல்லாத் தசைகளையும் இயக்கும்" என்று முடித்திருந்தது. முதல் சொல்லை ஒருவர் எழுத்துப்பிழை என்றே சொன்னார். எழுத்துப்பிழையா அது? ஆர்டீரியோசம் நுரையீரல் தமனியையும் அயோர்ட்டாவையும் இணைக்கும் நார். வீனோசம் கல்லீரலின் பின்பக்கம் கிடக்கிறது. இரண்டும் கருவில் ஓடிய குழாய்களின் மிச்சம், பெயரும் ஒன்று போல இருக்கிறது, அதனால்தான் குழம்புகிறது. அந்தக் குழப்பத்தைப் பிடிக்கத்தான் தேர்வு. பிடித்துவிட்டு விட்டுக்கொடுப்பதற்கா நாம் உட்கார்ந்திருக்கிறோம்?

இரண்டாவது சொல் அதைவிட ஆபத்து. குரல்நாண்களை விரித்து மூச்சுக்கு வழிவிடும் தசை ஒன்றே ஒன்றுதான், பின்புறக் கிரைக்கோஅரிட்டினாய்டு. அதை இயக்குவதும் இதே நரம்புதான். தைராய்டு அறுவையில் இரண்டு பக்க நரம்பும் பழுதானால் குரல்நாண்கள் நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிடும், நோயாளிக்கு மூச்சுத் திணறும். அந்தப் பிள்ளை எழுதிய வாக்கியம் உண்மையானால் அந்தத் தசை தப்பித்திருக்கும், மூச்சும் தப்பித்திருக்கும். 'கிரைக்கோ' என்று ஆரம்பித்தால் போதும் என்று மதிப்பெண் கொடுக்கிறவர்களுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நான் கறாராக எல்லாவற்றையும் வெட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவதாக ஒரு தாள். அதற்காகத்தான் நான் உண்மையில் சண்டை போட்டேன். தலைப்பில் 'வலது ரெக்கரன்ட்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே மார்புக்குள் பிரிகிறது, அயோர்ட்டா வளைவு, லிகமென்டம் ஆர்டீரியோசம், எல்லாம் இடது. கூடவே ஒரு சின்ன விளக்கம். கருவில் இரண்டு நரம்பும் ஆறாவது வளைவுத் தமனிக்கு அடியில்தான் சுற்றுகின்றன. இடதில் அந்தத் தமனியின் தொலைப்பகுதி டக்டஸ் ஆர்டீரியோசஸாக நிலைத்துவிடுகிறது. பிறந்தபின் அது சுருங்கித்தான் அந்த நார். இதயம் மார்புக்குள் இறங்கும்போது இடது நரம்பு அதில் மாட்டிக்கொண்டு கூடவே இறங்குகிறது. வலதில் அந்தப் பகுதி மறைந்துவிடும், ஐந்தாவதும் இல்லை. அதனால் நரம்பு மேலே நழுவி நான்காவதில், அதாவது சப்கிளேவியனில் நிற்கிறது. இதை எழுதத் தெரிந்தவருக்கு எது எந்தப் பக்கம் என்பது ஆயுசுக்கும் மறக்காது. படம்கூட வரைந்திருந்தது. அயோர்ட்டா வளைவு நம் வலக்கைப் பக்கம் பார்த்து, சரியாக, 'இ' என்று குறித்து. பார்க்கிறவரின் வலது என்றால் உடலின் இடது. இது மனப்பாடம் செய்த கை இல்லை.

இந்தத் தாளை எனக்கு முன் பார்த்தவர் தலைப்பில் 'வலது' என்பதைச் சிவப்பில் சுழித்து 2 போட்டிருந்தார். வலது நரம்பை எழுதியவருக்கு 4, இடது நரம்பைக் கரைத்துக் குடித்தவருக்கு 2!

பக்கம் மாறி எழுதுவது சின்னத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். படித்துத் தேர்ந்த அறுவை மருத்துவர்களே பக்கம் மாறி வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், வெட்டுவதற்கு முன்பு இடத்தைக் குறித்திருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறது. ஆகவே அந்த மூன்றாவது தாளுக்கும் ஒன்று குறைத்து 4 போட்டேன். ஆனால் கை தவறியதும் தலைக்குள் தவறாகவே இருப்பதும் ஒன்றாகுமா? வித்தியாசம் கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை. பக்கம், சுற்றும் குழாய், பிரியும் இடம், படம் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒன்று மட்டும் முரண்டினால் பேனா தவறியது. எல்லாமே மறுபக்கத்தோடு ஒத்துப்போனால் படிப்பு தவறியது. இதற்கு ஒரு தாளுக்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

தலைமைத் திருத்துநரிடம் போய் விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: சுற்றும் இடம் மறுபக்கத்துடையதாக இருந்தால் மொத்தம் 2-க்கு மேல் போகக்கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டார். பாதித் தாள் திருத்தியாகிவிட்டது, இப்போது மாற்றினால் முன்னால் போட்டது எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டும் என்றார். திறக்கலாமே என்றேன். பதில் வரவில்லை.

வேலூர்க்காரர் மட்டும் சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அந்த முத்து முத்தா எழுதின பேப்பர்ல படம் இருந்துச்சா மேடம்?" என்று கேட்டார். இருந்தது என்றேன். வளைவே இல்லாத படம், சப்கிளேவியனில் ஒரு கொக்கி மட்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தான் காலையில் 4 போட்ட இரண்டு தாளை மறுபடி எடுக்கப் போனார்.