ரீஃபண்ட் நிற்கிறது, "கொஞ்சம் கவனிங்க" என்கிறார்கள்: யாருக்கு எதை எழுதுவது?

ஏற்றுமதி செய்பவர்களின் ஜிஎஸ்டி ரீஃபண்ட் மாதக்கணக்கில் நிற்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரும். "நேரில் வந்து பாருங்க", "ஆடிட்டர்கிட்ட சொல்லிருக்கேன், பேசிக்கோங்க." தொகையைச் சொல்லமாட்டார்கள். அந்தக் கோபத்தில் பலர் கமிஷனருக்கு எழுதும் கடிதத்தில் தாமதத்தையும் லஞ்சத்தையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். தாமதம் நிர்வாகப் புகார், லஞ்சம் குற்றப் புகார். இரண்டுக்கும் வாசல் வேறு.

முதலில் தாமதம். ரீஃபண்ட் நடைமுறை முழுக்க போர்ட்டலில்தான் நடக்கிறது. RFD-01 என்ற விண்ணப்பம் போட்டால் 15 நாளுக்குள் RFD-02 என்ற ஒப்புகையோ, குறை இருந்தால் RFD-03 என்ற குறை மெமோவோ வர வேண்டும். நிராகரிக்க நினைத்தால் RFD-08 நோட்டீஸ் தர வேண்டும், இறுதி உத்தரவு RFD-06. ஒப்புகை கொடுத்த பிறகு குறை மெமோ தர முடியாது என்று 2019 நவம்பரில் வந்த 125ஆம் எண் சுற்றறிக்கையே சொல்கிறது. ஆகவே RFD-02 வந்த பிறகு போனில் "ஒரு பேப்பர் குறையுது" என்றால், உடனே மின்னஞ்சலில் எழுதுங்கள்: "இன்று போனில் இன்ன ஆவணம் கேட்டீர்கள், அதைப் போர்ட்டல் வழியாக எழுத்தில் கேட்க வேண்டுகிறேன்." வாய்வழி ஆட்சேபம் எழுத்தில் வராமலே போவதுதான் பெரிய அடையாளம்.

ஒரு கணக்கு பார்ப்போம். திருப்பூரில் ஒரு நிறுவனம் மார்ச் 3 அன்று 18 லட்சம் கேட்டு விண்ணப்பிக்கிறது, மார்ச் 10 RFD-02 வருகிறது. குறையில்லாத விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும், அதாவது மே 2. அதற்குப் பிறகு ஜிஎஸ்டி சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. 18 லட்சத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 296 ரூபாய். ஜூன் 30 வரை எதுவும் வரவில்லை என்றால் 59 நாளுக்குச் சுமார் 17,450 ரூபாய். உயரதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் ARN என்ற விண்ணப்ப எண், இந்தத் தேதிகள், இந்த வட்டி, எழுத்தில் எந்த ஆட்சேபமும் வரவில்லை என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். வட்டி அரசுப் பணத்திலிருந்து போகிறது என்பதால் தாமதத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். லஞ்சப் பேச்சை அதில் சேர்த்தால் கடிதம் விளக்கம் கேட்டு, போன் செய்த அதே அதிகாரியின் மேசைக்கே போகலாம். எச்சரிக்கை அடைந்தவர் மறுபடி வாய் திறக்கமாட்டார், சாட்சியமும் அதோடு போயிற்று.

லஞ்சப் பேச்சுக்கு, உங்கள் கோப்பைப் பார்ப்பது மாநில வணிகவரித் துறை என்றால் லஞ்ச ஒழிப்புத்துறை. மத்திய ஜிஎஸ்டி அலுவலகம் என்றால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு, அல்லது மத்திய கண்காணிப்பு ஆணையம். ஆணையம் பெயரில்லாப் புகாரை ஏற்பதில்லை. அடையாளம் வெளியே வரக் கூடாது என்றால், புகார் தருபவரின் பெயரை ரகசியமாகக் காக்கும் PIDPI ஏற்பாட்டின் கீழ், உறைமேல் PIDPI என்று எழுதி, மூடிய உறையில் ஆணையத்தின் செயலருக்கு அனுப்பும் வழி இருக்கிறது.

புகாரில் "லஞ்சம் கேட்டார்" என்று உங்கள் முடிவை எழுதாதீர்கள். "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன எண்ணிலிருந்து, இந்த வார்த்தைகள்" என்று பேசியதை அப்படியே எழுதுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் பெற முயல்வதே குற்றம்தான், ஆனால் கேட்டதை நிரூபிக்க வேண்டும். மறைமுகப் பேச்சு மட்டும் அதற்குப் பெரும்பாலும் போதாது. அடுத்த பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்பதை லஞ்ச ஒழிப்புத்துறையே சொல்லட்டும். நீங்களாகப் பேரம் பேசாதீர்கள். பதிவு இருந்தால் அந்தப் போனை மாற்றாமல், ஃபைலை வெட்டாமல் வைத்திருங்கள்.

இடைத்தரகர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதிகாரி பெயரைச் சொல்லி ஆலோசகரே வாங்குவதும் நடக்கிறது. அதிகாரியிடமிருந்து நேரடியாக எதுவும் வரவில்லை என்றால், யார் சொன்னாரோ அவர் சொன்னதாகவே எழுதுங்கள். அப்படி வாங்குபவருக்கும் அதே சட்டத்தில் 7A பிரிவு இருக்கிறது.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி, 7 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் காவல் அல்லது புலனாய்வு அமைப்பிடம் சொன்னால்தான் பாதுகாப்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்கள் துணையோடு கொடுத்தால் குற்றமே ஆகாது. காரியம் ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது மிக ஆபத்தான யோசனை.

புகார் போன பிறகு பழிவாங்கலாக RFD-08 வரலாம். பயப்படாமல் 15 நாளுக்குள் RFD-09இல் ஆவணங்களோடு பதில் போடுங்கள். அதையும் மீறி நிராகரித்தால், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டி சட்டத்தின் 107ஆம் பிரிவில் மேல்முறையீடு.