கன்சல்டன்சிக்குக் காசு கொடுப்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை நம் சேலம் குழுவில் நடந்த கூத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஆபீஸில் 6,500 ரூபாய் கட்டிவிட்டு வேலையும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்கிற ஆத்தூர்த் தம்பியின் ரசீதை எல்லோரும் பார்த்தீர்கள். அதற்குக் கீழே ஒருவர் என்னை டேக் செய்து, "இந்த அக்காவும் இதே தொழில்தானே பண்ணாங்க, அவங்களைக் கேளுங்க" என்று போட்டிருந்தார். அதற்குச் சிரித்தவர்கள் பட்டியலையும் பார்த்தேன். அதில் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பரவாயில்லை.

கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். ஆமாம், அஞ்சு ரோட்டில், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு கன்சல்டன்சியின் மாடி ஆபீஸில் ஏழு வருடம் ரெக்ரூட்டராக இருந்தேன். அந்த ஏழு வருடத்தில் வேலை தேடி வந்த ஒருவரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. நான் பெரிய உத்தமி என்பதால் இல்லை. வாங்க வேண்டிய தேவையே இல்லை. பணம் கொடுப்பது கம்பெனி.

கணக்கைப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கு அக்கவுண்டண்ட் வேண்டும், வருடச் சம்பளம் 3,60,000 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தொழிலில் வழக்கமாகப் பேசுவது "எட்டு புள்ளி மூணு மூணு", அதாவது வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு. சுருக்கமாக ஒரு மாதச் சம்பளம், இங்கே 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். பணம் வர இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்குள் அவர் நின்றுவிட்டால் வேறு ஆளை இலவசமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். இருபது பேரிடம் பேசி, ஐந்து பேரை இன்டர்வியூவுக்கு அனுப்பி, ஒருவர் சேர்ந்தால்தான் அந்த 30,000. யாரும் சேரவில்லை என்றால் பூஜ்யம்.

இப்போது அந்த 6,500 ரூபாய் ஆபீஸைப் பாருங்கள். தம்பிக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு வருமானம் வந்தாயிற்று. அப்புறம் எதற்கு அவர்கள் கம்பெனி கம்பெனியாக அலைய வேண்டும்? அடுத்த ஆளிடம் இன்னொரு ரசீது கிழித்தால் போதுமே. அது கன்சல்டன்சியே இல்லை, ரசீதுப் புத்தக வியாபாரம். அதையும் என் தொழிலையும் ஒரே தட்டில் வைத்துச் சிரித்ததுதான் எனக்கு உறைக்கிறது.

"அப்போ கன்சல்டன்சிக்காரங்க எல்லாம் நல்லவங்களா?" என்று அடுத்து கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பணம் கொடுப்பது கம்பெனி என்றால் நாங்கள் கம்பெனியின் ஆட்கள், உங்கள் ஆட்கள் இல்லை. இதை யாரும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், நானும் அன்றைக்குச் சொன்னதில்லை. ஓமலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், மேலே சொன்ன அதே 3,60,000 ஆஃபர். "அக்கா, இன்னும் மாசம் ரெண்டாயிரம் கேட்டுப் பாருங்களேன்" என்றான். நான் கம்பெனியைக் கேட்கவே இல்லை. "கேட்டேன் தம்பி, பட்ஜெட் அவ்வளவுதானாம், வர்றதை ஏத்துக்கோ" என்றேன். ஏன்? அவனுக்கு வருடம் 24,000 கூடினால் எங்கள் ஆபீஸுக்குக் கூடுவது 2,000. பேரம் இழுத்துக்கொண்டு போய் கம்பெனி வேறு ஆளைப் பிடித்துவிட்டால் போவது முழு 30,000. அதிலும் அது மாதக் கடைசி, என் டார்கெட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. அவன் நன்றி சொல்லிவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். அதைச் சாப்பிட்டேன். இதை இங்கே எழுத எனக்கு ஒன்றும் பெருமை இல்லை.

ஆகவே சம்பளம் என்று வந்தால் கன்சல்டண்ட் சொல்வதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்டர்வியூ முடிந்து கம்பெனியின் எச்ஆர் உங்களோடு நேரடியாகப் பேசும் இடத்தில், மரியாதையாக நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. கம்பெனி பெயரைச் சொல்லாமல் யாரும் உங்கள் ரெஸ்யூமை எங்கேயும் அனுப்ப விடாதீர்கள். ஒரே ரெஸ்யூம் இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே கம்பெனிக்குப் போனால் பீஸ் யாருக்கு என்று சண்டை வரும். முதலில் அனுப்பியவருக்கு என்று சில கம்பெனிகள் முடித்துவிடும். சில கம்பெனிகள் தலைவலியே வேண்டாம் என்று உங்களையே ஓரம் கட்டிவிடும். ஏன் கூப்பிடவில்லை என்று உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. "இந்தக் கம்பெனிக்கு, இந்த வேலைக்கு என் ரெஸ்யூமை அனுப்பலாம்" என்று ஒரு வரி மெயிலோ வாட்ஸ்அப்போ போட்டுவிட்டு, யாருக்கு எந்தத் தேதியில் சம்மதம் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கன்சல்டன்சி பெயரில் என்றால் நீங்கள் காண்ட்ராக்ட் ஆள். உங்களுக்காகக் கம்பெனி மாதாமாதம் கொடுப்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு போகும். தப்பில்லை, தெரிந்து சேருங்கள்.

"வெளிநாட்டு வேலைக்குப் பணம் வாங்குறாங்களே, அது சட்டப்படிதானே?" என்று ஓர் அண்ணன் அங்கே வாதாடினார். சரி. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாய் வரையும், அதற்கு மேல் ஜிஎஸ்டியும் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். பதிவு உண்மையா என்று eMigrate தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. ஆனால் அண்ணா, அந்தத் தம்பி துபாய்க்கா போனான்? கொண்டலாம்பட்டியில் பில்லிங் வேலைக்குப் போனான்.

"சின்னக் கடைக்காரன் கமிஷன் கொடுக்க மாட்டான், அதான் பசங்ககிட்ட வாங்குறாங்க." இதுவும் வந்தது. சின்னக் கடைக்காரர் கண்ணாடியில் "ஆட்கள் தேவை" என்று எழுதி ஒட்டுகிறார். அதைப் படித்துச் சொல்ல 6,500 ரூபாயா? கோரிமேட்டில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, tnprivatejobs.tn.gov.in இருக்கிறது, இரண்டுக்கும் காசு கிடையாது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

நான் வேலையை விட்ட கதையையும் கேட்டுவிடுங்கள். நான் சேர்த்துவிட்ட ஒருவர் 84-ஆம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். இன்னும் ஆறு நாள் போயிருந்தால் தொண்ணூறு. என் இன்சென்டிவைப் பிடித்துக்கொண்டார்கள், தீபாவளி மாதம். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஆள் பிடிக்கிற வேலைக்கு எதுக்கும்மா எம்பிஏ?" என்றார். அப்பாவுக்கு ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டி வந்த மேஸ்திரிகள் ஞாபகம். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவார்கள் என்பார். அவருக்கு நான் விளக்கம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவர், ஞாயிற்றுக்கிழமை நீங்கள்.

அந்த ஆத்தூர்த் தம்பி நேற்று என் நம்பர் வாங்கி போன் செய்தான். ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை என்ற வார்த்தையே அதில் இல்லை. "பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு என்னென்ன வேண்டும் என்று சொன்னேன், ரெஸ்யூமை அனுப்பு, இரண்டு இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்:

"உங்களுக்கு எவ்வளவுக்கா தரணும்?"