ஏடிஏ சான்றும் ஆவணச் சான்றுரையும் ஒன்றல்ல

பரவும் கூற்று: “அமெரிக்கக் குடிவரவுக்கு அனுப்பும் பிறப்புச் சான்றிதழை அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஏடிஏவின் சான்று பெற்றவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அந்தச் சான்று இருப்பவர் மருந்து ஆவணம், நாவல் எதையும் மொழிபெயர்க்கத் தகுதியானவர்.”

இரண்டு பகுதிகளுமே தவறு. மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்றும், அம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கத் தமக்குத் திறன் உண்டு என்றும் மொழிபெயர்த்தவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதே குடிவரவுத் துறையின் விதி. சான்றுரை எனப்படும் அந்த உறுதிமொழி ஒரேயோர் ஆவணத்தைப் பற்றியது. விதி எந்தச் சங்கத்தின் சான்றையும் கேட்பதில்லை. தமிழ்ச் சான்றிதழுக்கு அப்படிக் கேட்பதிலும் பொருளில்லை, ஏனெனில் ஏடிஏ தமிழ்–ஆங்கில இணைக்குத் தேர்வே நடத்துவதில்லை.

அச்சங்கத்தின் தேர்வு ஆளைச் சோதிப்பது. குறிப்பிட்ட இரு மொழிகளுக்கும், எதிலிருந்து எதற்கு என்ற திசைக்கும் மட்டுமே அது செல்லும். பிழைகளுக்கேற்பப் புள்ளிகள் சேர்ந்து 18-ஐ எட்டினால் தோல்வி. கடினமான தேர்வுதான். ஆனால் பொதுவான உரைப்பகுதிகளில் தேறியவருக்கு மருந்தியல் தெரியும் என்று அது சொல்வதில்லை.

அதனால்தான் தொழில்நுட்பத் துறையில் மாதிரிப் பக்கம், துறைப் படிப்பு, அனுபவம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை, மொழிபெயர்ப்பாளரின் தகுதியாக மொழிபெயர்ப்புப் பட்டத்தையோ, வேறு துறைப் பட்டத்துடன் ஈராண்டு முழுநேர அனுபவத்தையோ, பட்டமின்றி ஐந்தாண்டு அனுபவத்தையோ ஏற்கிறது. இரண்டாமவர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதையும் கட்டாயமாக்குகிறது. என் பார்வையில், மருந்தளவில் நேரும் பிழையைப் பிடிப்பது இந்த ஒப்பீடே.

நாவலுக்கு இவையும் போதா. பதிப்பாசிரியர் கேட்பது சில மாதிரிப் பக்கங்களையும் முன்பு வெளியான மொழிபெயர்ப்புகளையும்தான். உரையாடலில் வட்டார வழக்கு எப்படி ஒலிக்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.