தங்கச்சி எழுதின மெசேஜில் என்ன பிழை?

தங்கச்சி வீட்டுக்கார அன்ரிக்கு அனுப்பின மெசேஜின் ஸ்கிரீன்ஷொட்டுக்குக் கீழே நீங்கள் எழுதினதெல்லாம் வாசித்தேன். "வாடகை குடுத்து இருக்கிற வீட்டில கெஞ்சுறதோ?" என்று எத்தனை பேர்! அவள் எங்கே கெஞ்சினாள்? கேட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் கீழ்வீடு, மேலே வீட்டுக்கார அன்ரி. அட்வான்ஸும் கட்டி, சாமானும் இறக்கின பிறகு சொல்கிறா, மீன், கருவாடு, இறைச்சி ஒன்றும் சமைக்கக் கூடாது என்று. கோபம் வரும்தான். ஆனால் அவள் எழுதினதை இன்னொருக்கால் வாசியுங்கள்:

"அன்ரி, மணம் மேலே வருகிறதுதான் கரைச்சலா, இல்லை வீட்டில் மச்சமே புழங்கக் கூடாதா? மணம் என்றால் கருவாடு பொரிக்க மாட்டேன். வெள்ளி, செவ்வாய் மச்சம் சமைக்க மாட்டேன். மற்ற நாளில் மீன் குழம்பு வைக்கலாமா?"

முதலில் காரணம். பிறகு தான் விடுவது. கடைசியில் தனக்கு வேண்டியது. காரணம் தெரியாமல் எதை விடுவது? பொரிக்கேக்கைதான் எண்ணெய்ப் புகையோடு மணம் மேலே ஏறும், திரைச்சீலையிலும் பிடிக்கும். மீனைக் கழுவி, புளி விட்டு, மூடிக் குழம்பு வைத்தால் மணம் நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது. ஆனால் அன்ரிக்குச் சாமியறைதான் பிரச்சினை என்றால் புளியும் உதவாது, ஜன்னலும் உதவாது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் காரணத்தைக் கேளுங்கள்.

"அக்ரிமென்டில் இல்லாததை ஏன் மதிக்க வேணும்?" என்கிறீர்கள். நியாயம். ஆனால் அதை முதல் வரியில் போட்டால் அன்ரி வழக்குக்குத்தான் தயாராவா. "அவவின்ர வீடு, அவவின்ர சட்டம்" என்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: அப்படியென்றால் அட்வான்ஸ் வாங்க முதல் ஏன் சொல்லவில்லை?

பருத்தித்துறையிலிருந்து அம்மா ஒருமுறை பாரைக் கருவாடு கொண்டுவந்தா. அப்போது நாங்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் கேற்றடியில் நாலு பேருக்கு முன்னால் "உங்கட ஊர் நாத்தம்" என்றார். பேப்பரில் சுற்றின பார்சலைப் பிரிக்காமலே அம்மா திருப்பிக் கொண்டுபோனா. எங்கட ஆட்கள்தான் அப்படிக் கதைத்தது. இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

சிலருக்குக் கறிச்சட்டி ஒரு சாட்டு. ஊரையும் சமயத்தையும் சாதியையும் அதால்தான் விசாரிப்பார்கள். கருவாட்டை விட்டால் மீன் என்பார்கள், மீனை விட்டால் வந்துபோகிற ஆட்கள் என்பார்கள். அப்படி ஒவ்வொன்றாக வந்தால் எந்த மரியாதையான மெசேஜும் வேலை செய்யாது. அட்வான்ஸை எழுத்தில் திருப்பிக் கேட்டுவிட்டு வேறு வீடு பார்க்க வேண்டியதுதான்.

இந்த அன்ரி அப்படியில்லை. காலையில் பதில் போட்டிருக்கிறா: மணம்தானாம் கரைச்சல். குழம்பு வைக்கலாம், கருவாடு மட்டும் வேண்டாம், வெள்ளி செவ்வாய் அவள் சொன்னபடி. அதை அக்ரிமென்டின் பின்பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.