வெட்டிவிட்ட வேலை, வெட்டி வேலை

இன்று காலையும் வந்துவிட்டது. எக்செல் சம்பளக் கோப்பைத் திறக்கிறேன், தேநீர்க் கோப்பையை இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் `We can't update some of the links in your workbook right now.` வேறு கோப்போடு உள்ள இணைப்பைப் புதுப்பிக்க முடியாது என்று ஒவ்வொரு நாளும் வந்து சொல்லிவிட்டுப் போகிறதே, ஒரு தரம் சொன்னால் போதாதா?

இணைப்பு எதற்கு என்றால் ஒரே ஒரு எண்ணுக்காக. எனக்கு முன் இந்தத் தேயிலைத் தோட்ட ஆபீஸில் இருந்த கிளாக்கர், மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்பதைத் தனிக் கோப்பில் வைத்திருந்தார். மாற்றலாகிப் போனார், அவருடைய பழைய கணினியும் போனது, கோப்பும் போனது. சம்பளத்தாளில் மட்டும் இது நின்றது:

```
=F12*'D:\OLD\[RATE.xlsx]Sheet1'!$B$3
```

கோப்பே இல்லாத இடத்தில் எக்செல் கடைசியாகப் பார்த்த எண்ணை, 50 ரூபாயை, மடியில் கட்டி வைத்திருந்தது. கணக்கும் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்த Edit Links-க்குள்ள போய் வெட்டி விடுங்க, சனியன் போகட்டும்." சரி சேர். போனேன். `Break Link` அமுக்கினேன். இணைப்புகள் நிரந்தரமாக வெறும் மதிப்பாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது என்று அது எச்சரித்தது உண்மைதான். தினமும் கத்துகிறவன் பேச்சை யார் கேட்பது?

நான் நினைத்தது, அந்த நீட்டுப் பாதை இருந்த இடத்தில் 50 என்று வந்து, `=F12*50` ஆகிவிடும் என்று. அப்படி ஆகாது மக்களே. சூத்திரத்தில் ஒரு மூலையில் வெளிக்கோப்பு இருந்தால் போதும், சூத்திரம் முழுவதுமே போய், அந்தக் கணத்தில் இருந்த விடை மட்டும் கல்லாகி நிற்கும். எங்கள் வழக்கமோ, போன மாதக் கோப்பைப் பிரதி எடுத்து, அதன் மேலேயே இந்த மாதக் கிலோவை அடிப்பது. நான் வெட்டியது முதலாம் தேதி. அதாவது இந்த மாதக் கொழுந்துக்குப் போன மாதக் காசு. 214 பேருக்கு.

கொடுமை என்னவென்றால் ஒன்றுமே தெரியாது. வேலை நாளுக்கான சம்பளம் அதே தாளில் உள்ள எண்ணை வைத்துப் போடுவதால் அது உயிரோடு இருக்கிறது. மொத்தக் கூட்டலும் உயிரோடு இருக்கிறது. நாள் கணக்கை மாற்றினால் அடியில் தொகை அழகாக அசைகிறது. நடுவில் ஒரு நிரல் மட்டும் செத்துக் கிடக்கிறது. `` Ctrl + ` `` அமுக்கியிருந்தால் சூத்திரங்களுக்கு நடுவே வெறும் எண்கள் வரிசையாக நிற்பது தெரிந்திருக்கும். அமுக்கவில்லை.

சம்பளத் துண்டு கொடுத்த மறுநாள் கங்காணியோடு ஒரு அக்கா வந்தார். மகளின் அப்பியாசக் கொப்பியில் நிறுவை முழுக்க எழுதியிருக்கிறார். "ஐயா, 38 கிலோ மேல எடுத்திருக்கேன். 1,300 ரூவாதான் போட்டிருக்கு." 1,900 வரவேண்டும். 1,300 என்பது போன மாத 26 கிலோவின் காசு. என்னுடைய கணினியை விட அந்தக் கொப்பி ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறது. அன்றைக்குக் காசு குறைவாக வந்தவர்கள் அத்தனை பேரும் படியேறி வந்தார்கள். கூடுதலாக வந்தவர் ஒருவர்? ஒரு குஞ்சும் வரவில்லை.

நல்ல வேளை, தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிய போன மாதப் பிரதியில் சூத்திரங்கள் உயிரோடு இருந்தன. அதில் `Sheet1` என்ற பெயரிலேயே ஒரு தாளைச் சேர்த்து, B3-இல் 50 அடித்து, சேமித்தேன். பிறகு அதே Edit Links-இல் `Change Source` போய், அந்தக் கோப்பையே அதற்கு மூலமாகக் காட்டினேன். எல்லாம் `=F12*Sheet1!$B$3` ஆகிவிட்டது. வெட்டவே தேவையில்லை! 214 பேரையும் திரும்ப அடித்தபோது இரவு ஒன்பது, கடைசி பஸ் போய் இரண்டு மணி நேரம்.

இத்தனைக்கும் பிறகு இன்று காலை, மறுபடி அதே எச்சரிக்கை. இணைப்பு சூத்திரத்தில் மட்டுமா இருக்கும்? `Ctrl + F3` போட்டுப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், எந்தக் காலத்திலோ யாரோ HOLIDAY என்று ஒரு பெயர் வைத்து, அதையும் D:\OLD-க்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை யாருமே பயன்படுத்தவில்லை. அழித்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாசலில் நின்ற காவற்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அது இருக்கட்டும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டின மட்டும் தேயிலை, பின்னால் ஃபேக்டரி. அப்படியிருக்க இந்த ஆபீஸில் மட்டும் ஏன் தினமும் அடித்தூளில் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள்?