பிரௌசரை மட்டும் துடைத்தால் போதாது

“குரோமில் ஹிஸ்டரியை அழித்துவிட்டால் கூகுளில் தேடியதெல்லாம் போய்விடும்.”

மேலே இப்படி எழுதிய அண்ணே, நீங்கள் சொன்னது பாதிதான் சரி. அது குரோம் வைத்திருக்கும் பதிவு; கூகுள் கணக்கில் சேரும் தேடல்கள் தனி.

சுங்கை சிப்புட்டில் என் அக்கா நீங்கள் சொன்னபடியே அழித்தார். மறுநாள் அதே கணக்கு உள்ள மகனின் பழைய போனில் தேடல் பெட்டியைத் தொட்டதும் ‘மூட்டுவலி மருந்து’ கடிகாரக் குறியோடு வந்து நின்றது. பையனுக்கு ஒரே சிரிப்பு!

myactivity.google.com பக்கத்தில் அந்தத் தேடலை நீக்கிய பிறகுதான் மறைந்தது. 3 மாதத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படியும் அங்கேயே வைக்கலாம்.

ஏறுமுக அம்புக்குறியோடு வருபவை ஊரார் தேடுபவை; உங்கள் வரலாற்றை அழித்தாலும் வரும். ஷாப்பியில் தேடியதும் இப்படி அழியுமா என்று மேலே ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்; அந்த ஷாப்பிங் செயலி வேறு. அதன் தேடல் பட்டியலை அதற்குள்ளேதான் அழிக்க வேண்டும்.