கோயிலைப் புதைத்துக் கோயில் எழுப்பிய மாயர்கள்: கோபான் சொல்லும் காரணம்

மத்திய அமெரிக்கக் காடுகளில் நிற்கும் மாயர்களின் படிப் பிரமிடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், இரண்டு விளக்கங்களில் ஒன்று உடனே வந்து விழும். 52 ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்காட்டிச் சுழற்சி முடியும்போது பழைய கோயிலை மூடிப் புதிய கோயில் கட்டினார்கள் என்பது ஒன்று. பழைய கட்டடத்தையே உள்மேடாக வைத்துக்கொண்டால் கல்லும் உழைப்பும் மிச்சம் என்பது மற்றொன்று. முதலாவது மாயர்களுக்குப் பொருந்தவே இல்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி முக்கியமான பாதி அல்ல. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், ஹோண்டுராஸ் நாட்டின் மேற்கு எல்லையில் உள்ள கோபான் என்ற ஒரே ஒரு ஊர்.

கோபான் நகரின் நடுவே அரச மேடு ஒன்று இருக்கிறது. நானூறு ஆண்டுகள் மன்னர்கள் மாறி மாறிக் கட்டியதால் உயர்ந்த செயற்கைக் குன்று அது. நகரம் கைவிடப்பட்ட பிறகு அருகில் ஓடும் கோபான் ஆறு திசைமாறி, அந்த மேட்டின் கிழக்குப் பக்கத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. பேரழிவுதான். ஆனால் அந்த அரிப்பு, குன்றைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல் அதன் உள்ளடுக்குகளை வெளியே காட்டியது. ஒன்றன் மேல் ஒன்றாகச் சுண்ணாம்புத் தளங்கள், அவற்றுக்கு இடையே கல்லும் சேறும் கலந்த நிரப்பு மண். 1930களில் கார்னெகி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு மேட்டைக் காப்பாற்றினார்கள். பின்னர் 1980களின் இறுதியிலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷேரர் குழுவும் ஹோண்டுராஸ் தொல்லியலாளர் ரிக்கார்டோ அகுர்சியாவும் உள்ளே சுரங்கப் பாதைகள் தோண்டினார்கள்.

சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு முழுக் கட்டடம் ஒருபோதும் தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர்த் துண்டும் காலடியில் ஒரு தளமும்தான் தெரியும். வயது வரிசையை அந்தத் தளம்தான் சொல்லும். சுண்ணாம்புப் பூச்சு சுவரைத் தொட்டு, அதன்மேல் சற்றே வளைந்து ஏறியிருந்தால், சுவர் நின்ற பிறகு தளம் போடப்பட்டிருக்கிறது. தளம் சுவருக்கு அடியில் நுழைந்து தொடர்ந்தால் தளமே மூத்தது. தளத்தை உடைத்துக் குழி தோண்டி, மேலே மீண்டும் பூசிய ஒட்டு தெரிந்தால், கீழே கல்லறையோ காணிக்கையோ இருக்கக்கூடும். ஒவ்வொரு தளத்தையும் விடாமல் தொடர்ந்துபோய்த்தான் கோபானின் அடுக்கு வரிசையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த அரச மேட்டில் ஆய்வாளர்கள் 16ஆம் எண் கொடுத்திருக்கும் பிரமிடின் அடித்தளத்தில் இருந்தது ஒரு சிறிய மேடைக் கட்டடம். ஹுனால் என்று அதற்குப் பெயரிட்டார்கள். சரிவும் செங்குத்துப் பலகையும் மாறி மாறி வரும் அதன் முகப்பு, தொலைவில் மெக்சிகோ பள்ளத்தாக்கில் இருந்த தியோத்திவாக்கான் நகரின் பாணி. அதன் தரைக்கு அடியில் ஒரு கல்லறை. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் ஒருவரின் எலும்புகள். பல்லிலும் எலும்பிலும் உள்ள வேதிக்கூறுகளைச் சோதித்ததில், அவர் கோபான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர் அல்லர் என்று தெரிந்தது. வலது முன்கை முறிந்து, சரியாகக் கூடாமல் போயிருந்தது. அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியவருக்கு ஏற்படும் முறிவு அது.

இப்போது அதே பிரமிடின் வெளிப் படிக்கட்டின் அடிக்கு வாருங்கள். அங்கே ஒரு சதுரக் கல் பீடம் நின்றது. 776ஆம் ஆண்டில், அரச வரிசையில் பதினாறாமவரான யாஷ் பசாஹ் நிறுவியது. நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு மன்னர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பக்கத்தில், 426இல் வெளியிலிருந்து வந்து அரச வம்சத்தைத் தொடங்கிய கினிச் யாஷ் குக் மோ, பதினாறாமவரிடம் ஆட்சிக்கோலை நீட்டுகிறார். கண்களைச் சுற்றித் தியோத்திவாக்கான் பாணி வளையங்கள். வலது கையில் ஒரு சிறு கேடயம்.

முறிந்த கையும் வலது கை. ஹுனால் கல்லறையில் கிடப்பவர் அந்த முதல் மன்னரே என்று ஷேரர் குழு முடிவுக்கு வர இதுவும் ஒரு சான்று. பீடத்தைச் செதுக்கிய காலத்தில் ஹுனாலைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அது மூடப்பட்டு மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் யார் எங்கே கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இடையில் எழும்பிய கோயில்கள் அத்தனையும் அந்தக் கல்லறைக்கு நேர் மேலேயே எழும்பின. எனக்கு மேலடுக்கின் உயரத்தைவிட இந்த நேர்கோடுதான் வியப்பு.

ஹுனாலுக்கு மேலே வந்த கட்டடங்கள் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று மூடின. அவற்றில் ஒன்றுக்கு மார்கரிட்டா என்று பெயர் வைத்தார்கள். அதன் படிக்கட்டை ஒட்டிய முகப்பில், கழுத்தோடு கழுத்து பின்னி நிற்கும் இரண்டு பறவைகளைச் சுதையில் வடித்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஒன்று கெட்சால் பறவை, மற்றொன்று பஞ்சவர்ணக் கிளி. குக் என்பது கெட்சால், மோ என்பது கிளி. முதல் மன்னரின் பெயரையே சுவர் அளவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டடத்துக்குள் ஒரு பெண்ணின் கல்லறையும் இருந்தது. எலும்புகள் மீது சிவந்த சிந்தூரப்பொடி அப்பிக் கிடந்தது. பிள்ளை பெற்றவர், இந்த மண்ணிலேயே வளர்ந்தவர், அநேகமாக முதல் மன்னரின் மனைவி. வெளியிலிருந்து வந்தவர் உள்ளூர் குடும்பத்தில் பெண் எடுத்து ஆட்சியை ஊன்றினார் என்று இதை வைத்துச் சொல்கிறார்கள். என் கண்ணில் படுவது வேறு. மேலே புதிய கட்டடம் எழும்பியபோதும் இந்தக் கல்லறைக்குச் செல்லும் படிவழியை அடைக்காமல் வளைவுக் கூரையிட்டு மேலே நீட்டிக்கொண்டே போனார்கள். உள்ளே இறங்கிக் காணிக்கை வைத்தார்கள். தேவையற்ற பழையதை மூடுகிறவர்கள் இப்படி வழி விடமாட்டார்கள்.

கல்லறைக்கு மேலறையில் கிடைத்த ஒரு பானையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று கால்கள் வைத்த உருளைப் பானை. வண்ணச் சுதை பூசிய அதன் மேல், சரிவும் பலகையும் கொண்ட ஒரு கோயில் தீட்டப்பட்டிருக்கிறது. வாசலில் வளையம் போட்ட கண்களோடு ஒரு முகம். கோயிலின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் சிறகு சூடிய கைகள் நீண்டிருக்கின்றன. கோயிலுக்குள் மன்னர் இருக்கிறார் என்பதற்கு மேலே ஒரு படி போய், கோயிலே மன்னராக நிற்கிறது. மாயர்களுக்குக் கட்டடம் உயிருள்ளது. புது வீட்டுக்கும் கோயிலுக்கும் நெருப்பை உள்ளே கொண்டுசெல்லும் சடங்கு நடத்தி உயிர் ஊட்டினார்கள், காலம் முடிந்தபோது அதற்கென்று தனிச் சடங்கு செய்து முடித்தார்கள். இறந்தவரைத் தரைக்கு அடியில் புதைத்து அதன்மேலேயே வாழ்வது சாதாரணக் குடும்பங்களிலும் இருந்த வழக்கம். மன்னர்கள் செய்தது அதே வழக்கத்தின் மிகப் பெரிய வடிவம்.

அடுத்தது ரோசாலிலா. 1989இல் அகுர்சியா இதைக் கண்டபோதுதான் உழைப்பு மிச்சம் என்ற விளக்கம் ஆட்டம் கண்டது. பத்தாம் மன்னர் காலத்தில், அதன் படியில் உள்ள கல்வெட்டின்படி 571இல், எழுப்பப்பட்ட மூன்று நிலைக் கோயில். சுமார் 13 மீட்டர் உயரம். வழக்கமாக மேல் கட்டடத்தை இடித்துவிட்டுக் கீழ் மேடையை மட்டுமே உள்மேடாக விட்டுவைப்பார்கள். ஹுனாலுக்கே அப்படித்தான் நடந்தது. அங்கே உழைப்பு மிச்சம் என்ற கணக்கு செல்லுபடியாகும்.

ரோசாலிலாவில் ஒரு விளிம்பைக்கூட உடைக்கவில்லை. அறைகளைச் சேறும் கல்லும் கொண்டு கூரை வரை அடைத்தார்கள். வெற்றறையாக விட்டிருந்தால் மேலே வரும் பாரத்தில் கூரை உட்கார்ந்திருக்கும். சிவப்பு வண்ணம் தீட்டிய வெளிச் சுதைச் சிற்பங்கள் முழுவதையும் கெட்டியான வெள்ளைச் சுண்ணாம்பால் போர்த்தினார்கள். அதன்பிறகே சுற்றிலும் நிரப்பினார்கள். உள்ளே கரி அப்படியே இருந்த தூபக்கலங்கள் கிடைத்தன. தீக்கல்லில் மனித முகங்கள் பக்கவாட்டில் தெரியும்படி செதுக்கிய ஒன்பது செங்கோல் தலைகள், நீலத் துணியில் சுற்றிய தடத்தோடு கிடந்தன. இடிப்பது எளிது, இதுவோ பன்மடங்கு வேலை. சுண்ணாம்பு சுடவே எத்தனை மரம் எரிந்திருக்கும்! இது கட்டட வேலையில் சேராது, ஈமக்கடன்.

அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? என் கருத்தில், முதல் மன்னரின் கல்லறைக்கு மேல் ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமாக வழிபாட்டில் இருந்த கோயில் அது. பெரும்பாலான அடுக்குகள் அத்தனை காலம் நீடிக்கவில்லை. இடைவெளிகளைப் பாருங்கள்: தொடக்கத்தில் சில பத்தாண்டுகளுக்குள் மூன்று கட்டடங்கள், பிறகு 571இன் ரோசாலிலா, ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அதன் அடக்கம், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைசி அடுக்கு. இதில் 52 எங்கே பொருந்துகிறது? கட்டடங்களின் காலத்தை நாட்காட்டி தீர்மானிக்கவில்லை, மன்னர்களின் சாவும் முடிசூடலும் அரசியல் நெருக்கடியும் தீர்மானித்தன.

நெருக்கடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். 738இல் கோபானின் பதின்மூன்றாம் மன்னர், தமக்குக் கீழிருந்த கிரிகுவா சிற்றரசனிடம் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். அந்த அவமானத்துக்குப் பிறகு வந்த பதினாறாமவர், முதல் மன்னரின் குன்றின் மீதே தமது அடுக்கைக் கட்டி, அவர் கையிலிருந்தே ஆட்சிக்கோலை வாங்குவதுபோல் செதுக்கிக்கொண்டார். உரிமை ஆடத் தொடங்கிய நேரத்தில்தான் மூதாதையின் மேல் இவ்வளவு கல்லை ஏற்றியிருக்கிறார்.

குவாத்தமாலாவில் உள்ள டிகால் என்ற மாயர் நகரிலும் இதே மனப்போக்கு தெரிகிறது. 33ஆம் எண் கோயிலின் அடியில் சியாஹ் சான் கவீல் என்ற மன்னரின் கல்லறை. அவருடைய நீண்ட கல்வெட்டுத்தூணை, மேலே புதிய பிரமிடு எழும்பும் முன் பழைய கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்து, அதன்முன் தூபம் இட்டு, பிறகே மூடினார்கள். ஆனால் 1960களில் உள்ளடுக்குகளைப் பார்ப்பதற்காக, சிதைந்திருந்த அந்த வெளிப் பிரமிடை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். இன்று போகிறவர்கள் உள் அடுக்கைத்தான் பார்க்க முடியும், கடைசி அடுக்கு இனி இல்லை. கோபானில் சுரங்கம் தோண்டியது அதைவிட நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் காற்றுப் படாமல் இருந்த சுதைக்கு, சுரங்கத்தில் புகும் காற்றும் ஈரமும்தான் எதிரி. பதிவுசெய்து முடித்த சுரங்கங்களை மறுபடி மண்ணிட்டு நிரப்புவதே நல்லது. ரோசாலிலாவை முழு அளவில், அதே சிவப்பில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அருகிலேயே கோபான் சிற்பக் காட்சியகத்தில் அதன் நகல் நிற்கிறது.